விடுகதை போட்டால் முழிக்கிறார்கள்: சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, 9 முதல் 11 வயது

சனிக்கிழமை டீச்சர்
11 ஜனவரி 2025, இரவு 9.40

ஸ்கார்பரோவில் சனிக்கிழமை காலை இரண்டரை மணி நேரத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 14 பிள்ளைகள், எல்லாரும் நாலாவதிலிருந்து ஆறாவது வரை. பேசினால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். பொங்கல் வாரமாயிற்றே என்று இன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விடுகதை போட்டேன். ஆறு எழுதிக்கொண்டு போனேன், மூன்றோடு நிறுத்திவிட்டேன்.

முதலாவது, "அம்மா படுத்திருக்க மகள் ஓடித் திரிகிறாள், அது என்ன?" வகுப்பே அமைதி. கடைசியில் ஒரு பிள்ளை, "அம்மாவுக்குக் காய்ச்சலா டீச்சர்?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டாள். அம்மி, குழவி என்று விடையைச் சொன்னேன். அம்மி என்றால் என்ன என்று விளக்கப் பத்து நிமிடம் போனது. அதற்குள் விடுகதை செத்துவிட்டது.

அடுத்தது "ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்". கிணறு மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. படி என்றதும் எல்லாரும் மாடிப்படியை நினைத்துக்கொண்டு, கிணற்றுக்குள் படி இறங்குகிறதா என்று யோசித்தார்கள்.

மூன்றாவது "பல் துலக்காதவனுக்கு உடம்பெல்லாம் பல்". நான் சொல்லி முடிக்குமுன் ஒரு பையன் "சீப்பு!" என்று கத்திவிட்டான். அவன் அம்மம்மா வீட்டில் இதைத் தினமும் போடுவாராம். மீதி 13 பேர் வாயைத் திறக்கவே இல்லை.

என் கேள்வி இதுதான். பழைய விடுகதையெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு இனி ஆகாதா? புதிதாக எழுதிக்கொள்ள வேண்டியதுதானா? பழமொழி விளையாட்டும் அடுத்து வைத்திருக்கிறேன், அதிலும் இதே கதிதான் என்று தோன்றுகிறது.

பனங்கொட்டை
11 ஜனவரி, இரவு 11.05

எங்கட பக்கம் இதை நொடி என்றுதான் சொல்லுவோம். உங்கள் வகுப்பில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளாக இருந்தால் விடுகதை என்ற சொல்லே அவர்கள் வீட்டில் புழங்காது. "நொடி போடட்டுமா" என்று கேட்டுப் பாருங்கள் டீச்சர், இரண்டு பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள்.

நாங்கள் சின்னனில் கரண்ட் இல்லாத இரவுகளில் முற்றத்தில் இருந்து நொடி போட்டு வளர்ந்தோம். "அந்தரத்தில் தொங்குது செம்பும் தண்ணீரும்." இளநீர். இதைப் போடுங்கள், இங்கே எல்லாக் கடையிலும் இளநீர் கிடைக்கிறதே.

இரண்டு பிள்ளை அம்மா
12 ஜனவரி, காலை 8.15

என் மகனும் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறான். ர, ற இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறான். விடுகதை எழுத வைத்தால் அது சரியாகுமா? சின்னவளுக்கு நாலு வயது, அவளுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

நெல்லைக்காரன்
12 ஜனவரி, பிற்பகல் 1.30 (இந்திய நேரம்)

டீச்சர், நான் திருநெல்வேலிப் பக்கம் நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இங்கேயும் அம்மி தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் மிக்சிதான். ஆகையால் இதை வெளிநாட்டுக் குறை என்று நினைத்து வருந்த வேண்டாம்.

உங்கள் வகுப்பில் மூன்று வேறு வேறு காரணத்தால் மூன்று விடுகதை விழுந்திருக்கிறது. அம்மியில் பொருளே தெரியாது. கிணற்றில் பொருள் தெரியும், தேங்காய் எல்லார் வீட்டிலும் இருக்கும், நடுவில் 'படி' என்ற ஒரு சொல்தான் இடறியது. சீப்பில் ஒன்றுமே இடறவில்லை, விடை தெரிந்த ஒருவன் விளையாட்டை முடித்துவிட்டான். இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

மூன்றாவதுக்கு மட்டும் எனக்குப் பலித்த வழியைச் சொல்கிறேன். விடை தெரிந்தவன் விடையைச் சொல்லக்கூடாது. எழுந்து நின்று இன்னொரு குறிப்புக் கொடுக்க வேண்டும், அதுவும் தமிழில். தெரியாதவர்கள் கேள்வி கேட்கலாம், பத்துக் கேள்விதான், அவன் ஆம் இல்லை மட்டும் சொல்லலாம். முந்திரிக்கொட்டைப் பிள்ளைக்கு வேலை கிடைத்துவிடும், மற்றவர்களுக்கு நேரம் கிடைத்துவிடும்.

இன்னொன்று, "அவன் யார்" என்று முடியும் விடுகதையை முதல் நாளே போடாதீர்கள். பூட்டும் பம்பரமும் 'அவன்' ஆகிவிடும் என்பது நமக்குப் பழக்கம். புதிதாகக் கேட்கும் பிள்ளை கடைசி வரை ஒரு ஆளைத்தான் தேடும். உங்கள் அம்மா மகள் கதையில் காய்ச்சல் வந்தது அதனால்தான்.

பழைய ஏடு
12 ஜனவரி, இரவு 7.50

நெல்லைத் தம்பி சொன்னதை வழிமொழிகிறேன். இந்த உருமாற்றம்தான் விடுகதையின் உயிர். தொல்காப்பியம் செய்யுளியலில் இதற்குப் 'பிசி' என்று பெயர். உவமையோடு வருவது ஒரு வகை, உள்ளதை உள்ளபடி கிளந்து சொல்லுவது இன்னொரு வகை என்று இரண்டாகப் பிரிக்கிறார். உரைகாரர் பேராசிரியர் முதல் வகைக்குக் காட்டும் எடுத்துக்காட்டு "பிறை கவ்வி மலை நடக்கும்".

நான்கே சொல். விடை யானை. மலை போன்ற உடம்பு, பிறை போன்ற தந்தம். டீச்சர், கிணறும் அம்மியும் தெரியாத பிள்ளைக்கும் பிறை தெரியும், மலை தெரியும், யானை தெரியும். இதைப் போட்டுப் பாருங்கள். பழையது என்பதால் ஆகாது என்றில்லை.

சனிக்கிழமை டீச்சர்
12 ஜனவரி, இரவு 10.20

ஐயா, 'கவ்வி' மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது, அதை நடித்துக் காட்டிவிடலாம். நன்றி.

பனங்கொட்டை அண்ணா, இளநீரை யோசித்தேன். இங்கே கடையில் இருப்பது மட்டையெல்லாம் சீவி, வெள்ளையாக, மேலே கூராகச் செதுக்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வருவது. அது எங்கேயும் தொங்கவில்லையே, குளிர்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் தென்னை மரத்தோடு அதைச் சேர்த்துப் பார்ப்பார்களா என்று தெரியவில்லை. இருந்தாலும் போடுகிறேன்.

இரண்டு பிள்ளை அம்மாவுக்கு: எழுத்துப் பிழைக்கு விடுகதை மருந்தில்லை. வாயால் போடுகிற விளையாட்டு இது, நான் எழுதவே வைப்பதில்லை. நாலு வயதுக்கு விடுகதையைவிடப் பொருளைத் துணிப்பைக்குள் போட்டுத் தடவிப் பார்த்துச் சொல்ல வைப்பது நல்லது.

சனிக்கிழமை டீச்சர்
18 ஜனவரி, பிற்பகல் 2.10

வகுப்பிலிருந்து நேராக வந்து எழுதுகிறேன், நடந்தது அப்படியே நினைவில் இருக்கும்போதே.

"நொடி போடட்டுமா" என்று கேட்டேன். அண்ணா சொன்னது சரி, ஐந்து பேர் முகம் மாறியது. ஒருத்தி, "எங்கட அப்பப்பா போடுவார்" என்றாள். இனிமேல் இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

பலகையில் மூன்று அரைகுறை வாக்கியம் எழுதி வைத்தேன். "அது ______ஆல் செய்ததா?" "அதை ______இல் பார்க்கலாமா?" "அது ______ விடப் பெரியதா?" கேள்வி இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும், முழுதாகத் தமிழில் சொன்னால்தான் ஆம் இல்லை கிடைக்கும். பத்துக் கேள்வி.

"பிறை கவ்வி மலை நடக்கும்." 'கவ்வி'க்கு ஒரு பென்சிலைப் பல்லால் கவ்விக் காட்டினேன். கேள்விகள் வந்த வரிசை இது. அது கல்லால் செய்ததா? இல்லை. அதைக் கனடாவில் பார்க்கலாமா? ம்ம், பார்க்கலாம். (மிருகக்காட்சிசாலை என் மனதில். ஆனால் டொராண்டோ மிருகக்காட்சிசாலையில் இருந்த யானைகளை 2013இலேயே கலிபோர்னியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அந்த நிமிடம் அதை மறந்துவிட்டேன், அப்புறம் திருத்திச் சொன்னேன்.) அது வீட்டைவிடப் பெரியதா? இல்லை. பஸ்ஸைவிடப் பெரியதா? இல்லை. இந்த இடத்தில் பின்பெஞ்சுப் பையன் ஒருவன், "மலை என்றார்கள், பஸ்ஸைவிடச் சின்னது என்றால் அது மலை இல்லை" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தான். நான் பேசாமல் நின்றேன். அடுத்த கேள்வி, "அதைக் காட்டில் பார்க்கலாமா?" ஆம். "யானை!" என்று மூன்று குரல். பிறை எது என்று கேட்டேன். எல்லாரும் இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வளைத்துக் காட்டினார்கள். தந்தம் என்ற சொல்லை அப்போதுதான் கொடுத்தேன், உடனே ஒட்டிக்கொண்டது.

ஐந்து கேள்வியில் முடிந்தது. அந்தப் பையன் சொன்னான் பாருங்கள், சொல்லப்பட்ட பொருள் உண்மையில் அந்தப் பொருள் இல்லை என்று, அந்த இடத்தில்தான் வகுப்பே திரும்பியது. போன வாரம் நான் விடையைச் சொல்லி விளக்கியதில் அந்த இடம் வரவே இல்லை.

இளநீர் தோற்றது. தொங்குவது என்றதும் விளக்கு, அலங்காரத் தோரணம், குரங்கு வரைக்கும் போனார்கள். கேள்வி பத்தும் தீர்ந்துவிட்டது.

நெல்லைக்காரன்
19 ஜனவரி, காலை 6.45

பத்துக் கேள்வி தீர்ந்தால் விடையைச் சொன்னீர்களா, விட்டுவிட்டீர்களா?

சனிக்கிழமை டீச்சர்
19 ஜனவரி, காலை 9.30

சொல்லிவிட்டேன். தப்பா?

நெல்லைக்காரன்
19 ஜனவரி, இரவு 9.15

தப்பென்று இல்லை. நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். பெரியவர்களிடம் கேட்டு வரட்டும், அந்த வாரத்துக்கு அது வீட்டின் பேச்சாக இருக்கும். விடையைவிட அது பெரிய ஆதாயம்.

பனங்கொட்டை
19 ஜனவரி, இரவு 11.40

டீச்சர், அம்மி வேண்டுமானால் எங்கள் வீட்டு நிலவறையில் ஒன்று கிடக்கிறது. 1990களில் அம்மா வரும்போது சண்டை பிடித்து கொண்டுவரச் செய்தது. 20 வருடமாக யாரும் தொடவில்லை. காரில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

சனிக்கிழமை டீச்சர்
25 ஜனவரி, மாலை 4.00

அண்ணா அம்மியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார், கைகொடுத்தவர் என் கணவர். மேசை தாங்காது என்று தரையில் பழைய பாயைப் போட்டு வைத்தோம். ஊற வைத்த அரிசி ஒரு பிடி, கொஞ்சம் சீரகம். ஒவ்வொரு பிள்ளையும் நாலு இழுப்பு. குழவியை உருட்டுவார்கள் என்று நினைத்தேன், முதலில் எல்லாரும் அதை உலக்கை போல இடித்தார்கள். இரண்டு கையால் முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுக்க வேண்டும் என்று காட்டியதும், "இது ஓடுது டீச்சர்" என்றாள் ஒருத்தி. நான் வாயைக் கடித்துக்கொண்டேன்.

அன்று விடுகதையைப் போடவில்லை. பொருளைக் காட்டின கையோடு போட்டால் அது விடுகதை இல்லை, பெயர் கேட்கும் பரீட்சை. இரண்டு வாரம் கழித்துப் போடுகிறேன்.

அதற்குப் பதில் பழமொழி தொடங்கினேன். முதல் பாதியை நான் சொல்ல, மறுபாதியை அவர்கள் ஊகிக்க வேண்டும். "அடி மேல் அடி வைத்தால்..." என்றேன். "அழுகை வரும்" என்று ஒருவன். "பொலிஸ் வரும்" என்று இன்னொருத்தி. அடி என்றால் அவர்களுக்கு அடிப்பது மட்டும்தான். காலடி தெரியாது. சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது, "அம்மியும் நகரும்" என்று நான் சொன்னபோது எல்லாரும் தரையில் இருந்த அம்மியைப் பார்த்தார்கள். ஒரு பையன் எழுந்து போய்க் காலால் தள்ளிப் பார்த்தான். நகரவில்லை. அவனாகவே ஒவ்வொரு தள்ளாகப் பத்துப் பன்னிரண்டு தடவை தள்ளினான், பாயோடு சேர்ந்து ஒரு விரற்கடை நகர்ந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். அதற்கு மேல் நான் பொருள் சொல்லவில்லை.

ஆனால் மறுபாதி ஊகிக்கிற விளையாட்டு இந்த வயதுக்குச் சரியில்லை என்று நினைக்கிறேன். பழமொழி ஏற்கெனவே காதில் விழுந்திருந்தால்தான் மறுபாதி வரும். விழாத பிள்ளைக்கு அது ஊகமில்லை, குருட்டடி.

மெய்ப்பொருள்
26 ஜனவரி, காலை 10.10

பழமொழி சொல்லிக்கொடுக்கும்போது சரியான வடிவத்தைச் சொல்லிக்கொடுங்கள் டீச்சர். பாதிப் பழமொழி காலப்போக்கில் சிதைந்துவிட்டது. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பது தவறு. "கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை" என்பதே மூலம். கழு என்பது ஒரு வகைக் கோரைப்புல், அதில் பாய் தைத்துப் படுத்தால் கற்பூரம் மணக்கும். "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பதும் அப்படித்தான். சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும். பிள்ளைகளை இப்படி யோசிக்க வைத்தால் அதுவே ஒரு புதிர் விளையாட்டு.

பழைய ஏடு
26 ஜனவரி, பிற்பகல் 3.30

ஐயா, ஒலி ஒன்றாக இருக்கும் இடத்தில் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது நம் மரபில் உண்டு, சிலேடை அதனால்தான் வாழ்கிறது. அந்த அளவுக்கு உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. அதை மூலம் என்று சொல்வதில்தான் எனக்குத் தயக்கம். "கழுதை அறியுமா கந்தப்பொடி வாசனை" என்றும் ஒரு பழமொழி வழங்குகிறது. கழு என்ற புல்லில்தான் கற்பூரம் மணந்தது என்றால், இங்கே கந்தப்பொடி எப்படி மணக்கும்? இரண்டிலும் கழுதைதான் நிற்கிறது. சட்டியும் அகப்பையும் ஒரே அடுப்படியில் இருக்கும் பொருள்கள், அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

மெய்ப்பொருள்
26 ஜனவரி, இரவு 8.00

கந்தப்பொடி பின்னால் வந்ததாக இருக்கலாம். கழுதையை இழிவுபடுத்த முன்னோர் பழமொழி செய்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

சனிக்கிழமை டீச்சர்
26 ஜனவரி, இரவு 10.45

உங்கள் இருவர் வழக்கையும் நான் தீர்க்க முடியாது. வகுப்புக்கு நான் எடுத்துக்கொள்வது இது: பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சொன்னால் பாட்டிக்குத் தெரிந்த வடிவமாக இருக்க வேண்டும். "கழு தைக்க" என்று சொன்னால் எந்தப் பாட்டியும் திருத்திவிடுவார், பிள்ளை அடுத்த தடவை வாயைத் திறக்காது.

தேர்ந்தெடுப்பதில் எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. பழமொழிப் பட்டியலில் சாதியையும் பெண்ணையும் உடல் குறையையும் குத்துகிறவை நிறைய. அவற்றை விளையாட்டில் வைக்கவே மாட்டேன், 'அந்தக் காலத்தில் சொன்னார்கள்' என்று விளக்கியும் வைக்க மாட்டேன்.

பனங்கொட்டை
27 ஜனவரி, காலை 7.20

அம்மியை எப்போது திருப்பிக் கொண்டுவருவீர்கள்? அவசரமில்லை. அம்மா கேட்கிறா. 20 வருடமாகக் கேட்காதவ இப்போது கேட்கிறா.

சனிக்கிழமை டீச்சர்
1 பிப்ரவரி, மாலை 5.15

பழமொழி விளையாட்டைத் திருப்பிப் போட்டேன். சுவரில் ஐந்து பழமொழி, கொட்டை எழுத்தில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே. சிறு துளி பெரு வெள்ளம். குரைக்கிற நாய் கடிக்காது. நிறைகுடம் தளும்பாது. ஒவ்வொன்றின் நேர்ப்பொருளை மட்டும் படம் போட்டுச் சொன்னேன், உட்பொருள் சொல்லவில்லை. பிறகு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு ஒரு சீட்டு. சீட்டில் இருக்கும் பழமொழிக்கு ஏற்ற ஒரு சம்பவத்தை நடிக்க வேண்டும், பழமொழியில் உள்ள எந்தச் சொல்லும் வாயில் வரக்கூடாது. பார்க்கிறவர்கள் சுவரைப் பார்த்து எது என்று சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். 14 பேரில் ஒருவன் வரவில்லை, 13 பேர் என்பதால் ஒரு குழுவில் நாலு பேர்.

ஒரு குழு ஹாக்கி ஆடிக் காட்டியது. பையன் ஒருவன் தொடக்கத்திலேயே "நான்தான் பெரிய ஆள்" என்று மார் தட்டினான். கோல் போகவில்லை. மட்டையைத் தூக்கிப் பார்த்து, "இது வளைஞ்சிருக்கு" என்றான். அடுத்த அடியும் போகவில்லை. "ஐஸ் சரியில்லை" என்றான். நான் கூடம் கோணல் என்றே நினைத்தேன், சீட்டிலும் அதுதான் இருந்தது. எதிர்ப் பக்கம் பாதிப் பேர் குரைக்கிற நாய் என்றார்கள். ஏன் என்றால், "அவன் நிறைய சத்தம் போட்டான், ஒண்டும் செய்யேல்லை." நியாயந்தானே! பத்து நிமிடம் வாதாடினார்கள், பெரும்பாலும் தமிழில். கடைசியில் ஒருத்தி, "முதல்லே கத்தினது நாய், பிறகு மட்டையைச் சொன்னது கூடம், ரெண்டும் இருக்கு" என்றாள். இரண்டு பக்கத்துக்கும் புள்ளி கொடுத்துவிட்டேன்.

சரியாக விழாதது யானை மணியோசை. குழு நடித்தது, அப்பா வரும்போது சாவிக் கொத்துச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியை அணைப்பது. அருமையாக இருந்தது, ஆனால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. யானைக்கு மணி கட்டி வீதியில் நடத்திவருவதை அவர்கள் பார்த்ததில்லை, ஆகவே மணி முன்னே எப்படி வரும் என்பதே பிடிபடவில்லை. நான் போட்ட படத்திலும் சத்தம் இல்லையே.

நெல்லைக்காரன்
2 பிப்ரவரி, காலை 7.00

சாவிக் கொத்து நல்ல கற்பனை. என் வகுப்பில் அடுத்த வாரம் இதைச் செய்யப் போகிறேன். ஒரு சந்தேகம், சரியான காரணம் சொன்னால் எந்த விடைக்கும் புள்ளி என்றால், பிள்ளை எதையும் எதோடும் பொருத்திவிடாதா?

சனிக்கிழமை டீச்சர்
2 பிப்ரவரி, இரவு 9.50

பொருத்தத்தான் பார்த்தார்கள். ஒருவன் எல்லாவற்றுக்கும் நிறைகுடம் என்றான். நடிப்பில் எந்த இடம் குடம், எது தளும்பாதது என்று கேட்டேன், சொல்ல முடியவில்லை, புள்ளி இல்லை. பழமொழியின் ஒவ்வொரு பொருளுக்கும் நடிப்பில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று விதி வைத்துவிட்டேன். அது போதுமா என்று இன்னும் இரண்டு வாரம் பார்த்தால்தான் தெரியும்.

சனிக்கிழமை டீச்சர்
8 பிப்ரவரி, பிற்பகல் 3.20

அம்மி திரும்பிப் போய் ஒரு வாரம் ஆயிற்று. இன்று வேறு நாலு விடுகதைக்கு நடுவில், "அம்மா படுத்திருக்க மகள் ஓடி..." என்று தொடங்கினேன். "திரிகிறாள்" வருமுன்பே ஏழெட்டுக் கை மேலே. விதி நினைவிருந்ததால் யாரும் கத்தவில்லை. குறிப்புக் கொடுக்கச் சொன்னேன். ஒருத்தி, "அம்மா சரியான பாரம், ரெண்டு பேர் தூக்க வேணும்" என்றாள். அம்மி வந்த அன்று வராத பையன் ஒருவன்தான் விடை தெரியாதவன். அவன் பத்துக் கேள்வி கேட்டான், அதைச் சுற்றி 13 பேர் துடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கண்டுபிடிக்கவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான்.

"அம்மா சேலையை மடிக்க முடியாது, அப்பா காசை எண்ண முடியாது" போட்டேன். வானமும் நட்சத்திரமும் மூன்றாவது கேள்வியில் வந்துவிட்டது. "கறுப்புச் சட்டைக்காரன், காவலுக்குக் கெட்டிக்காரன்" போட்டேன். நான் வைத்திருந்த விடை பூட்டு. நாய் என்றார்கள், கறுப்பு நாய் காவல் காக்காதா என்று கேட்டார்கள். பூட்டு இங்கே எங்கே கறுப்பாக இருக்கிறது? ஏற்றுக்கொண்டேன்.

கடைசி அரை மணி அவர்களே செய்ய வேண்டும் என்றேன். ஒரே நிபந்தனை, சீப்பு விடுகதை மாதிரி ஒரு முரண் இருக்க வேண்டும். பல் இருக்கிறது, ஆனால் துலக்குவதில்லை. முதலில் வந்ததெல்லாம் வெறும் வர்ணனை: "வெள்ளையாக இருக்கும், குளிராக இருக்கும், அது என்ன?" ஸ்நோ. இதில் 'ஆனால்' எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை, "பிடிக்கப் பிடிக்கத் தண்ணி ஆவான்" என்று வந்தது. நல்லது.

ஒன்றுதான் என்னை நிறுத்திவிட்டது. பத்து வயதுப் பெண், அம்மாவுக்குக் காய்ச்சலா என்று முதல் நாள் கேட்டாளே, அவளேதான். "நாலு பேர் ஒரே அறையில், ஒருத்தன் மட்டும் தனி அறையில். வெளியே போகும்போதுதான் வீட்டுக்குள்ளே போவினம்." வகுப்பில் எல்லாரும் இரண்டே கேள்வியில் சொல்லிவிட்டார்கள்.

பழைய ஏடு
8 பிப்ரவரி, இரவு 8.30

"வெளியே போகும்போதுதான் வீட்டுக்குள்ளே." பேராசிரியர் இருந்திருந்தால் இதையும் சேர்த்திருப்பார். விடை எனக்குத் தெரிகிறது, சொல்ல மாட்டேன்.

நெல்லைக்காரன்
9 பிப்ரவரி, காலை 6.30

வீட்டில் மனைவி, மகன், நான், மூன்று பேரும் இரவெல்லாம் யோசித்தோம். நாலு பேர், ஒருத்தன் என்றால் ஐந்து. விரல் என்று மகன் சொல்கிறான். சரி, ஆனால் அறை எது? செருப்பா? கட்டை விரலுக்குத் தனி வார் வைத்த செருப்பு?

சனிக்கிழமை டீச்சர்
9 பிப்ரவரி, காலை 8.10

இல்லை சார். விரல் சரி. திருநெல்வேலிக் கடையில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன். இன்னும் ஒன்பது கேள்வி பாக்கி இருக்கிறது.

நெல்லைக்காரன்
9 பிப்ரவரி, காலை 8.25

அது துணியால் செய்ததா?

சனிக்கிழமை டீச்சர்
9 பிப்ரவரி, காலை 8.31

ஆம். சில வேளை கம்பளியால்.